புதுப்பிப்பு: தங்கச்சி மகளின் இரவு விளக்குப் படம்

இருட்டினால் தானாக எரியும் விளக்குக்கு சர்க்யூட் படம் வரைந்து அனுப்பிக் கேட்டாள்: “மாமா, இது வேலை செய்யுமா?”

செய்யும், ஆனால் பகலில்! வெளிச்சம் பட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும் எல்டிஆரை பாசிட்டிவ் பக்கமும் 10 கிலோஓம் ரெசிஸ்டரை நெகட்டிவ் பக்கமும் வரைந்திருக்கிறாள்; வெளிச்சம் பட்டால்தான் டிரான்சிஸ்டர் திறந்து விளக்கு எரியும்.

“ரெண்டையும் இடம் மாத்தினா போதும்” என்று இங்கே ஒருவர் எழுதியது பாதி சரி. சுங்கை சிப்புட்டில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணன் மீதியைச் சொன்னார். மாற்றிய பிறகும் 10 கிலோஓமே இருந்தால், எல்டிஆர் சுமார் 800 ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் விளக்கு அணையும். வீட்டுக்குள் அவ்வளவு இறங்காது. பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் 100 கிலோஓம் போட்டால், எல்டிஆர் 8 கிலோஓம் பக்கத்தில் வரும்போதே விளக்கு அணைந்துவிடும். எல்இடிக்கு 470 ஓம் போட்டிருக்கிறாள், 9 வோல்ட் பேட்டரிக்கு அது சரி.

தோட்டத்து வீட்டு வாசல் விளக்கு விடிந்தும் அணையவில்லை என்று கேட்டவருக்கு: அது வீட்டுக் கரண்ட், வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் டிரான்சிஸ்டர். படத்தில் அதன் நம்பர் தெரியவில்லை. BC547 என்றால், தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2N3904 என்றால் நேர்மாறு. அதன்மேல் உள்ள எழுத்தைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பேட்டரி மாட்டக்கூடாது.