என்400: ‘பொருட்பிழை அலை’ என்று சொல்லலாமா?

உவர்மலையிலிருந்து, உளவியல் மாணவி:
வணக்கம். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகத் திரையில் வாசிக்கக் கொடுக்கிறார்கள். ‘சூடான பாணில் காலுறை பூசினான்’ என்பது போலப் பொருந்தாத சொல் வந்தால், அது தோன்றி ஏறக்குறைய 400 மில்லிசெக்கனில் மறைப் பக்கமாக ஓர் அலை பெரிதாக எழுகிறது. 1980-இல் குட்டாஸும் ஹில்யார்டும் அறிவித்த என்400 இதுதான். கட்டுரையில் ‘பொருட்பிழை அலை’ என்று எழுதலாமா?

நிலாவெளியிலிருந்து, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்:
எழுதுங்கோ பிள்ளை. வாக்கியம் பிழையென்று மூளை கண்டுபிடிக்கும் நேரம்தானே அது.

மூதூரிலிருந்து:
அப்பாவுக்கு வலிப்பு வந்தபோது ஈஈஜி எடுத்தார்கள். அந்தத் தாளிலும் இந்த அலை இருக்குமா?

தம்பலகாமத்திலிருந்து, மொழி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்:
இருக்காது தம்பி. இது சில மைக்ரோவோல்ட் அளவுதான். மூளையின் மற்ற அலைகளுக்குள் மூழ்கிவிடும். பல பத்து வாக்கியங்களின் பதிவுகளைச் சொல் தோன்றிய கணத்தில் ஒன்றாக நிறுத்திச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அப்பாவுக்கு எடுத்தது வேறு தேவைக்கு.

ஐயா, ‘பிழை’ எனக்கு ஒத்துவரவில்லை. பொருந்துகிற சொல்லுக்கும் இந்த அலை உண்டு. எதிர்பார்ப்புக் குறையக் குறைய அது பெரிதாகும், அவ்வளவுதான். 1983-இல் பிஷ்லர் குழு செய்த சோதனையைப் பாருங்கள். ‘ராபின் ஒரு பறவை அல்ல’ என்பது பொய், ஆனாலும் ‘பறவை’க்கு அலை சிறிதாகவே இருந்தது. பறவைக்குச் சம்பந்தமில்லாத சொல்லைப் போட்டு ‘அல்ல’ என்றால் வாக்கியம் உண்மை, அலையோ பெரிது. அந்த நேரத்தில் மூளை உண்மை பொய்யைத் தீர்க்கவில்லை, சொல்லின் பொருள் எவ்வளவு தயாராக இருந்தது என்பதே தெரிகிறது. ‘எதிர்வுகூறல் வழு’ என்போம். பூச்சிய வழு என்று படித்த நமக்கு, வழு என்றால் இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம்.

மாணவி:
அண்ணா, அந்தச் சோதனையைத் தமிழில் அப்படியே செய்ய முடியாதே? ஆங்கிலத்தில் ‘அல்ல’ முதலில் வந்துவிடும். ‘சூடை ஒரு மீன் அல்ல’ என்பதில் ‘மீன்’ வரும்வரை மறுப்பு வருவதே தெரியாது.

தம்பலகாமம்:
சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் தங்கச்சி. ‘மீன்’ என்ற சொல்லில் அளந்தால் மறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ‘அல்ல’ என்ற சொல்லிலும் அளக்க வேண்டும், அது வேறு சோதனையாகிவிடும்.

மாணவி:
அப்புறம், ‘எதிர்வுகூறல்’ என்று பெயரிலேயே போட்டால் தீராத வழக்கில் தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகாதா? வரப்போகும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் ‘a’, ‘an’ என்பவற்றிலேயே எதிர்பார்ப்புத் தெரிகிறது என்று 2005-இல் சொன்னார்கள். 2018-இல் ஒன்பது ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்தபோது அந்த விளைவு உறுதிப்படவில்லை.

தம்பலகாமம்:
அதனால் பதிவில் காண்கிற அலைக்கு என்400 என்றே இருக்கட்டும். அதை விளக்கும் கணினி மாதிரியுரு கணக்கிடும் அளவுக்கு மட்டும் ‘பொருள் எதிர்வுகூறல் வழு’ என்று எழுதுங்கள்.

நிலாவெளி:
பிழைக்கும் வழுவுக்கும் உள்ள வித்தியாசம் இலக்கணம் படிக்கிற பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அவர்களுக்கு வழுவும் பிழைதான். ‘விலகல்’ என்றால் என்ன குறை?