பழைய கான்-டிக்கியா, புதியதா?

ராயபுரம்: அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயேதான். கடல் என்றால் அவருக்கு உயிர். 2012-ல் வந்த 'கான்-டிக்கி' படத்தைப் போட்டேன். 1947-ல் தார் ஹெயர்டாலும் ஐந்து பேரும் பெருவிலிருந்து பால்சா மரக் கட்டுமரத்தில் 101 நாள் பசிபிக் கடலில் போன கதை. அப்பா பாதியிலேயே, "சுறாவையே காட்டுறான், கட்டு எப்படிப் போட்டிருக்கான்னு காட்ட மாட்டேங்குறானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் அதே பயணத்தைப் பற்றிய 1950 ஆவணப்படம் கிடைத்தது. கறுப்பு வெள்ளை, படம் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் கட்டுமரத்தில் இருந்தவர்களே எடுத்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஆணி இல்லாம வெறும் கயிறா? உரசி உரசி அறுந்துடாதா?" என்று கேட்டார். ஹெயர்டாலின் புத்தகத்தில் பதில் இருந்தது. பால்சா மெத்தென்ற மரம், கயிறு அதற்குள் பதிந்துவிட்டதால் உரசவே இல்லை. அதைக் கேட்டதும் காசிமேட்டுக் கட்டுமரங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கை கோணலாக இருந்தாலும் காற்றிலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினார்.

பெரம்பூர்: படம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, கேமரா யார் கையில் இருந்தது என்பதைத்தான். 2012 படத்தில், கூடப் போன ஐந்து பேரில் ஒருவரான ஹெர்மன் வாட்ஸிங்கரைப் பயந்தாங்கொள்ளியாகக் காட்டுகிறார்கள், நிஜத்தில் அவர் அப்படி இல்லை. ஆனால் பழைய படத்திலும் ஒரு குறை உண்டு. ஆபத்து வந்தால் ஆறு பேருக்கும் கை நிறைய வேலை, கேமரா பிடிக்க யார் இருப்பார்கள்? அந்த இடங்கள் அதில் விட்டுப்போகும்.

அடையாறு: 'டச்சிங் த வாய்டு' பாருங்கள். 1985-ல் பெருவின் சியூலா கிராண்டே மலையில் இரண்டு மலையேறிகளுக்கு நடந்தது, அங்கேயே எடுத்த நிஜக் காட்சிகள்.

பெரம்பூர்: பாதி சரி. அந்த மலையேறிகள் ஜோ சிம்ப்சனும் சைமன் யேட்ஸும் தாங்களே பேசுகிறார்கள். ஆனால் சிம்ப்சன் தொங்கும் கயிற்றை யேட்ஸ் அறுக்கும் காட்சி பின்னால் நடிகர்களை வைத்து எடுத்தது, படமே 2003-ல்தான் வந்தது. ஆனாலும் என் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். பிழைத்தவரே எதிரில் உட்கார்ந்து பேசுவது தெரிந்தும்!

வேளச்சேரி: என் அம்மாவுக்கு, கயிறே இல்லாமல் செங்குத்துப் பாறை ஏறும் 'ஃப்ரீ சோலோ' படம் பார்த்துத் தலை சுற்றி, பால்கனிப் பக்கமே போகவில்லை. இதற்கு மாத்திரை ஏதாவது உண்டா?

பெரம்பூர்: மாத்திரையை டாக்டரிடம் கேளுங்கள். உயரம் ஆகாதவர்களுக்கு 1919-ல் வந்த 'சவுத்' போடுங்கள், அண்டார்டிகாவுக்குப் போன ஷாக்கில்டனின் கப்பல் பனியில் சிக்கிய கதை. ஃபிராங்க் ஹர்லி அங்கேயே இருந்து எடுத்தது. பனி நெருக்கி நெருக்கிக் கடைசியில் பாய்மரங்கள் சரியும் காட்சி இருக்கிறது. ஊமைப்படம், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் வரும் எழுத்தை வாசித்துச் சொல்லுங்கள்.

ராயபுரம்: அண்ணன் புதிய கான்-டிக்கிதான் நல்ல படம் என்கிறான். அவன் சொல்வதும் தப்பில்லை, புயலே இல்லாமல் கடல் பயணமா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அதை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். இப்போது கட்டு எப்படிப் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.