சி அண்ட் எஃப் மாதாமாதம் அனுப்பும் விற்பனை ஃபைல்: மெயிலில் என்னென்ன எழுதிக் கேட்பது?

கோவை மார்க்கெட்டிங்:
எங்களுடையது மருந்து மார்க்கெட்டிங் செய்யும் சின்னக் கம்பெனி. ஸ்டாக்கிஸ்ட்டுகளுக்குப் பில் போட்டுச் சரக்கு அனுப்புவது சென்னையில் இருக்கும் சி அண்ட் எஃப். மாதம் முடிந்ததும் அவர்கள் தரும் விற்பனை ஃபைலை எங்கள் ஸ்டாக் கணக்கில் ஏற்றுவது என் வேலை. ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஜூன் 2025 ஃபைலையே சொல்கிறேன். பெயர் `june sales final new.csv`. பேட்ச் நம்பர் `24E012` என்று இருக்க வேண்டிய இடத்தில் `2.40E+13` இருக்கிறது. எக்ஸ்பைரி `06/27` என்பது `27-Jun` ஆகிவிட்டது. அதை எங்கள் சாஃப்ட்வேர் 27 ஜூன் 2025 என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் தாங்க வேண்டிய சரக்கையெல்லாம் காலாவதி லிஸ்டில் தூக்கிப் போட்டுவிட்டது. போதாததற்கு நெடுவரிசைகளின் இடமும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

"சரியான ஃபார்மட்டில் அனுப்பவும்" என்று ஏற்கெனவே மெயில் போட்டாயிற்று, "ஓகே சார்" என்று பதிலும் வந்தது, அடுத்த ஃபைலும் இதே கதைதான். எப்படி எழுதினால் வேலை நடக்கும்?

எக்செல் ராத்திரி:
ரொம்ப சிம்பிள் நண்பா. பேட்ச், எக்ஸ்பைரி இரண்டு நெடுவரிசையையும் எக்செல்லில் டெக்ஸ்ட் ஃபார்மட்டாக மாற்றிவிட்டு xlsx ஆக அனுப்பச் சொல்லுங்கள். சிஎஸ்வி கேட்டால் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும்.

பழைய டேட்டா ஆள்:
டெக்ஸ்ட் என்பது பாதி சரி தம்பி. ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று சொல்லி இம்போர்ட் செய்தால் பேட்ச் நம்பர் பிழைக்கும். டபுள் கிளிக்கில் திறந்துவிட்டால், திரையில் நம் கண்ணுக்குப் படும்போதே எக்செல் அதை எண்ணாக்கி முடித்திருக்கும். நடுவில் ஒரு E, இரு பக்கமும் இலக்கம் என்றால் அதன் கணக்கில் அது பத்தின் அடுக்கு, 24E012 என்றால் 24க்குப் பின்னால் பன்னிரண்டு சைபர். அதற்கப்புறம் டெக்ஸ்ட் ஆக்கினால் கெட்டுப்போனதுதான் டெக்ஸ்ட் ஆகும், பழைய பேட்ச் நம்பர் திரும்பாது.

கேட்டவருக்கு: மெயில் எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். மெயிலில் வந்த ஃபைலை எக்செல்லில் திறக்காமல் நேராக நோட்பேடில் திறந்து பாருங்கள். அதில் `24E012` இருந்தால் கெடுப்பது உங்கள் பக்கத்து எக்செல். `2.40E+13` இருந்தால் அங்கேயே யாரோ திறந்து சேவ் செய்கிறார்கள். எது என்று தெரியாமல் எழுதினால் இந்த மெயிலுக்கும் "ஓகே சார்"தான் வரும்.

திருச்சி ஸ்டாக்கிஸ்ட்:
நான் எதிர்ப் பக்கத்து ஆள். என் கடையில் பல கம்பெனி சரக்கு ஓடுகிறது, ஒவ்வொரு கம்பெனிக்காரரும் ஒவ்வொரு ஃபார்மட் கேட்கிறார்கள். பில்லிங் சாஃப்ட்வேர் தருவதோ ஒரே ஒரு ரிப்போர்ட். பையன் உட்கார்ந்து ராத்திரி வரை நெடுவரிசையை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பான், தப்பு வராமல் என்ன செய்யும்? அது கிடக்கட்டும், ஜிஎஸ்டிஆர்-1ல் ஹெச்எஸ்என் சம்மரி ஏற்றும்போது எனக்கு எரர் வருகிறது, இதே காரணமாக இருக்குமா?

பழைய டேட்டா ஆள்:
ஜிஎஸ்டி விவகாரம் வேறு அண்ணே, எரர் என்ன சொல்கிறது என்று தனியாகப் போடுங்கள். ஆனால் வெட்டி ஒட்டுவது பற்றி நீங்கள் சொன்னதுதான் இங்கே முக்கியமான விஷயம்.

கோவை மார்க்கெட்டிங்:
நோட்பேடில் பார்த்தேன், `2.40E+13` என்றே இருக்கிறது. அங்கே பில் போடும் தம்பிக்கு போன் செய்து கேட்டேன். சாஃப்ட்வேரிலிருந்து எடுக்கும் ஃபைலில் மேலே நாலு வரிசைக்கு அவர்கள் கம்பெனி பெயர், முகவரி, தேதி எல்லாம் வருமாம். "உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று நான்தான் எக்செல்லில் திறந்து அழித்துவிட்டு, நெடுவரிசையை ஒழுங்குபடுத்தி அனுப்புகிறேன் சார்" என்றார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டரில் தேதி அமெரிக்க முறையில், அதாவது மாதம் முதலில் என்று செட் ஆகியிருக்கிறது.

பழைய டேட்டா ஆள்:
அப்படியானால் இரண்டு புதிருக்கும் விடை கிடைத்துவிட்டது. மாதம் முதலில் என்று செட் செய்த கம்ப்யூட்டரில் `06/27` என்றால் எக்செல்லுக்கு அது ஜூன் 27, வருடம் நடப்பு வருடம். `27-Jun` என்று சேவ் ஆகும்போது அந்த வருடமும் விழுந்துவிடுகிறது. நம் ஊர் முறையில் நாள் முதலில் என்று இருந்திருந்தால், 27வது மாதம் கிடையாது என்பதால் ஜூன் 2027 என்று சரியாகவே எடுத்திருக்கும். ஆக, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் இதே ஃபைல் ஒழுங்காக வரும். சில மாதம் சரியாகவும் சில மாதம் தப்பாகவும் வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மெயிலுக்கு வருவோம். நம் பக்கத்தில் சரிசெய்ய முடிந்ததை அவர்களிடம் கேட்காதீர்கள். மேலே நாலு வரிசை முகவரி வந்தால் வரட்டும், நீங்கள் தாண்டிப் படியுங்கள். நெடுவரிசை இடம் மாறினாலும் தலைப்பின் பெயரை வைத்து எடுத்துக்கொள்ளலாம், அதனால் தலைப்புப் பெயர் மாறக்கூடாது என்று மட்டும் கேளுங்கள். நம்மால் திரும்ப மீட்க முடியாத விஷயங்கள் எவையோ அவைதான் மெயிலில் இருக்க வேண்டும்.

எக்செல் ராத்திரி:
தேதியை 2025-06-14 என்று வருடம் முதலில் வரச் சொல்லலாமே? அதுதானே உலகத் தரம்.

பழைய டேட்டா ஆள்:
கிடைத்தால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சாஃப்ட்வேர் 14-06-2025 என்று தருகிறது, நடுவில் யாரும் திறப்பதில்லை என்றால் ஃபைல் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும், நாம் மாற்றிக்கொள்ளலாம். வருடம் நாலு இலக்கம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கணக்கு அக்கா:
ஃபார்மட்டிலேயே நின்றுவிட்டீர்கள், ரிட்டர்ன் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே. கிரெடிட் நோட்டை மைனஸ் போட்டு அனுப்புகிறார்களா, பிளஸ்ஸாகவா என்று முதலில் கேளுங்கள். ஆஃபர் சரக்கு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். 10+1 ஸ்கீமில் 100 ஸ்டிரிப் பில் போட்டால் கூட 10 இலவசமாகப் போகும். அப்புறம் ஸ்டாக்கிஸ்ட் 22ஐத் திருப்பி அனுப்புகிறார், அதில் 2 இலவசத்தில் வந்தது. ஸ்டிரிப் 45 ரூபாய் என்றால் விற்பனை 4500, ரிட்டர்ன் 900, நிகரம் 3600. ஆனால் குடோனை விட்டு நிகரமாகப் போனது 88. இலவசத்துக்குத் தனி நெடுவரிசை இல்லாவிட்டால் பணம் டேலி ஆகும், சரக்கு டேலி ஆகாது. கிரெடிட் நோட் பிளஸ்ஸாக வந்தாலோ 5400 என்று காட்டும்.

இன்னொன்று. எத்தனை வரிசை, மொத்தம் எவ்வளவு என்று மெயிலிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த மொத்தம் அவர்கள் சாஃப்ட்வேரின் சேல்ஸ் ரிஜிஸ்டரிலிருந்து வர வேண்டும். அனுப்புகிற ஃபைலையே கூட்டிச் சொன்னால், ஃபைலில் பாதி விடுபட்டிருந்தாலும் கணக்கு அழகாக ஒத்துப்போகும்.

கோவை மார்க்கெட்டிங்:
எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், எங்காவது இடறுகிறதா பாருங்கள்:

"வணக்கம் சார். ஜூலை 2025 விற்பனை முதல் மாதாந்திர ஃபைலைக் கீழே உள்ளபடி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

சாஃப்ட்வேரிலிருந்து எக்ஸ்போர்ட் ஆகும் சிஎஸ்வியை எக்செல்லில் திறக்காமல், எதையும் அழிக்காமல், வந்தபடியே அனுப்புங்கள். மேலே முகவரி இருந்தாலும் பரவாயில்லை. ஃபைலின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். சரிபார்க்க வேண்டுமானால் நகல் ஒன்றை எடுத்துத் திறந்து பாருங்கள்.

தலைப்புகளும் வரிசைகளும் இப்படி இருக்க வேண்டும்:

```
DOC_TYPE,DOC_NO,DOC_DATE,STOCKIST_CODE,PRODUCT_CODE,BATCH_NO,EXPIRY,QTY,FREE_QTY,TAXABLE_VALUE
INV,S1042,14-07-2025,00417,P018,24E012,30-06-2027,100,10,4500.00
CN,R0077,27-07-2025,00417,P018,24E012,30-06-2027,-20,-2,-900.00
```

ஸ்டாக்கிஸ்ட் கோடின் முன்னால் உள்ள சைபர்கள் விழக்கூடாது. தொகை ஜிஎஸ்டிக்கு முந்தையது, அதில் கமாவோ ரூபாய்க் குறியோ வேண்டாம். ரிட்டர்ன் எப்போதும் மைனஸில். எக்ஸ்பைரி மாதத்தின் கடைசி நாள், முழுத் தேதியாக.

ஃபைல் பெயர் `CNF01_SALES_202507_V1.csv`. இதில் 202507 என்பது விற்பனை நடந்த மாதம், அனுப்பும் மாதம் அல்ல. திருத்தம் இருந்தால் திருத்திய வரிசைகளை மட்டும் அனுப்பாமல் முழு மாதத்தையும் V2 என்று அனுப்புங்கள், நாங்கள் V1ஐ நீக்கிவிடுவோம். விற்பனையே இல்லாத மாதத்திலும் தலைப்பு மட்டும் உள்ள ஃபைலை அனுப்புங்கள். அடுத்த மாதம் 5ஆம் தேதிக்குள், சேல்ஸ் ரிஜிஸ்டர்படி வரிசை எண்ணிக்கை, மொத்தத் தொகை இரண்டையும் மெயிலில் எழுதி அனுப்பவும்."

பழைய டேட்டா ஆள்:
நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும். பழைய ஃபைல் ஒன்றையும் அதே மாதத்து ரிஜிஸ்டரையும் இணைத்து, எந்த வரிசை எப்படிக் கெட்டிருக்கிறது என்று மஞ்சள் அடித்துக் காட்டுங்கள். நீளமான மெயிலை அந்தத் தம்பி முழுக்கப் படிப்பாரோ என்னவோ, மஞ்சளைப் பார்ப்பார்.

கணக்கு அக்கா:
ஜூலை பில்லை ஆகஸ்ட் 20ல் கேன்சல் செய்தால் அது ஜூலை V3யா, ஆகஸ்ட் ஃபைலில் மைனஸா? இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மெயிலில் சேருங்கள். எங்கள் இடத்தில் மாதம் மூடியதும் V கிடையாது, அடுத்த மாதத்தில் மைனஸ்தான்.

எக்செல் ராத்திரி:
எனக்கு V3 தான் சரி என்று படுகிறது, ஜூலை விற்பனை ஜூலையில்தானே குறைய வேண்டும்.

கணக்கு அக்கா:
ரெப்புக்கு ஜூலை இன்சென்டிவ் கொடுத்த பிறகு ஜூலை எண்ணை மாற்றிப் பாருங்கள், தெரியும்.

கோவை மார்க்கெட்டிங்:
மெயில் போய்விட்டது, பதிலும் வந்தது. திறக்காமல் அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். சோதனைக்கு ஒரு ஃபைல் வந்தது, நோட்பேடில் பார்த்தேன், `24E012` அப்படியே இருக்கிறது. எக்ஸ்பைரியை மட்டும் `06/27` என்றுதான் தர முடியுமாம், முழுத் தேதி வேண்டுமானால் சாஃப்ட்வேர்காரர் தனியாகப் பணம் கேட்கிறாராம், அது நம் தலையில்.

பழைய டேட்டா ஆள்:
கொடுக்காதீர்கள். யாரும் திறக்காதவரை `06/27` மாதம், வருடம் என்று ஒரே அர்த்தம்தான், கடைசி நாளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் அந்த நெடுவரிசையில் இரண்டு இலக்கம், சாய்கோடு, இரண்டு இலக்கம் என்ற வடிவத்தில் இல்லாத வரிசை ஒன்று வந்தாலும் ஃபைலையே திருப்பி அனுப்பிவிடுங்கள். `27-Jun` மறுபடி தலைகாட்டினால் அங்கே ஆள் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.