காணி உறுதியும் கடைக்காரத் தம்பியும் (கல்லடி வீட்டுக் குரூப்)

ஜெயா மாமி: கஜன், லப்டொப் அடிக்கடி விறைச்சு நிக்கிது. கடைக்காரத் தம்பி விண்டோஸ் புதுசாப் போடணுமாம், பாஸ்வேர்டும் கேக்கிறார். ‘காணி’ போல்டருக்குள்ள வயல் உறுதி, எல்லாரிட ஐசி கொப்பியும் கிடக்கு.

ரவி மாமா: பயப்பிடத் தேவையில்ல. அந்தப் போல்டருக்கு நான் எப்பவோ Encrypt contents to secure data போட்டாச்சு. ஒருத்தரும் திறக்க ஏலா.

கஜன்: மாமா, அதுக்குத் திறப்பு உங்கட விண்டோஸ் அக்கவுண்ட்தான். அந்தப் பாஸ்வேர்டோட உள்ள போனா அவருக்கும் திறக்கும். விண்டோஸைப் புதுசாப் போட்டா திறப்பே அழிஞ்சிரும். மறுகா அதே பேர், அதே பாஸ்வேர்ட் வச்சாலும் உறுதி திறக்காது. அந்தத் திறப்பு இரிக்கிற சேர்டிபிகேட்ட வேற இடத்தில எடுத்து வச்சீங்களா?

ரவி மாமா: அப்பிடி ஒண்டு இரிக்கா?

ஜெயா மாமி: ஐயோ! இப்ப என்ன செய்ற?

கஜன்: குடுக்க முதல் போல்டர்ட Properties-ல Advanced-க்குப் போய் அந்த Encrypt டிக்கை எடுங்க மாமி. உள்ள இரிக்கிற பைல் எல்லாத்துக்குமா எண்டு கேக்கும், ஓம் குடுங்க, பிறகு பென்டிரைவ் ஒண்டுக்குக் கொப்பி பண்ணுங்க. வேற கொம்பியூட்டரில போட்டு ஒவ்வொரு உறுதியாத் திறந்து பாருங்க. டிக்கை எடுக்காமக் கொப்பி பண்ணினா பூட்டும் சேர்ந்து போகலாம், அங்க திறக்காது.

சுகந்தி அக்கா: ஏன் இவ்வளவு பாடு? சிப் பண்ணி ஐசி நம்பரைப் பாஸ்வேர்டாப் போடு. எங்கட ஒபிசில அப்பிடித்தான்.

கஜன்: அக்கா, 12 இலக்க ஐசியில முதல் 7 இலக்கமும் பிறந்த வருசமும் நாளும்தான். உங்கட பேர்த்டே தெரிஞ்சவருக்கு மிச்சம் 5 இலக்கம். பைல் அவர்ட கையில கிடந்தா ஒரு லட்சம் தரம் போட்டுப் பாக்கிறதுக்கு ஒரு புரோகிராம் போதும், தடுக்க ஆளில்ல. சிப்பில இன்னொண்டு, பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ள இரிக்கிற பைல் பேரெல்லாம் தெரியும். 7-Zip-ல 7z எடுத்து Encrypt file names-ஐயும் டிக் பண்ணினாத்தான் அது மறையும்.

சுகந்தி அக்கா: சரி, நீளமா ஒண்டு வைப்பம். அதோட முடிஞ்சிதா?

கஜன்: டோஹாவில இரிக்கிற அண்ணனுக்கு அனுப்ப அது காணும். வீட்டில வச்சுப் பாவிக்கத்தான் கரைச்சல். சிப் பண்ணினாலும் பழைய போல்டர் பக்கத்தில அப்பிடியே கிடக்கும். உள்ள இரிந்து ஒண்டைத் திறந்தா டெம்ப் போல்டரில திறந்த கொப்பி ஒண்டு விழும். மாமி அடிக்கடி புது ரசீது போடுறவங்க, அவங்களுக்கு வெராகிரிப்ட் எண்ட பூட்டுற புரோகிராம்தான் சரி எண்டது என்ட எண்ணம். திறந்தா தனி டிரைவ் மாதிரி நிக்கும், உள்ளேயே வேலை செய்யலாம்.

சின்னம்மா: என்ட போன் கெலரிக்கும் அது போடலாமா?

கஜன்: இல்ல சின்னம்மா, இது கொம்பியூட்டருக்கு.

ரவி மாமா: ஜெயா பாஸ்வேர்டை மறந்தா?

கஜன்: எல்லாம் போகும் மாமா, மீட்க வழியில்ல. பென்டிரைவில சும்மா ஒரு கொப்பியும் வைக்கலாம், ஆனா அது அலுமாரிக்குள்ள பூட்டி இரிக்கணும்.

ரவி மாமா: அப்ப எனக்கு அலுமாரியே போதும்.

ஜெயா மாமி: பென்டிரைவில போட்டுட்டன். ரவியிட கொம்பியூட்டரில ரெண்டு உறுதி திறக்குது, ஒண்டு மட்டும் திறக்குதில்ல.

கஜன்: லப்டொப்பைக் கடைக்குக் குடுக்காதங்க மாமி. அது முதல்ல லப்டொப்பில திறக்குதா எண்டு பாருங்க, நான் கோல் எடுக்கிறன்.