வகுப்புப் பிரதிநிதி சொன்ன "வெள்ளி 12 ஏ.எம்." எந்த இரவு? கிளாஸ்ரூமில் இன்னும் புதன்கிழமைதான் காட்டுகிறது

பனசங்கரி மாணவி (கேள்வி)

பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் நால்வர் குழுவின் திட்ட அறிக்கையைப் புதன் இரவு 11.59-க்குள் கூகுள் கிளாஸ்ரூமில் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர் குறித்திருந்தார். நேற்று மாலை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எங்கள் பிரதிநிதி, "டெட்லைன் வெள்ளி 12 ஏ.எம். வரை நீட்டிக்கப்பட்டுள்ளது, ஒரு குழுவுக்கு ஒருவர் சமர்ப்பித்தால் போதும்" என்று செய்தி போட்டார். கிளாஸ்ரூமிலோ பழைய புதன்கிழமையே நிற்கிறது. என் கணக்கிலிருந்து பிடிஎஃப் கோப்பைச் சேர்த்து விட்டதால் Turned in என்று காட்டுகிறது. ஆனால் கூடுதல் அவகாசம் கிடைத்தால் சோதனை முடிவுகள் பற்றிய அத்தியாயத்தைத் திருத்த விரும்புகிறோம். இப்போது Unsubmit கொடுத்துத் திரும்பப் பெறலாமா?

சயான்வாசி

தாராளமாகத் திரும்பப் பெறுங்கள். வெள்ளி என்றால் வெள்ளி முழுவதும் உங்களுடையது. ஆசிரியர் தேதியை மாற்றிவிட்டால் தாமதம் என்ற பேச்சே இருக்காது.

மல்லேஸ்வரம் ஆசிரியர்

சற்றுப் பொறுங்கள், தங்கையே. மேலே நண்பர் சொன்னது ஆசிரியர் கிளாஸ்ரூமிலேயே தேதியை மாற்றினால்தான் பொருந்தும். அதை மாற்றும் வசதி ஆசிரியர் கணக்குக்கு மட்டுமே உண்டு, பிரதிநிதி வாட்ஸ்அப்பில் எழுதுவது அங்கே எதையும் அசைக்காது. நீங்கள் இப்போது Unsubmit கொடுத்து, வியாழக்கிழமை திருத்திய கோப்பை மீண்டும் சேர்த்தால், முன்பு உரிய நேரத்தில் சேர்த்திருந்தாலும் அது தாமதமான சமர்ப்பிப்பாகவே பதிவாகும், ஏனெனில் கடைசியாகச் சேர்த்த நேரமே கணக்கில் கொள்ளப்படும். கெடு முடிந்தவுடன் சமர்ப்பிப்பை மூடிவிடும்படி ஆசிரியர் அமைத்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம்: திரும்பப் பெற்ற கோப்பைப் புதன் இரவுக்குப் பின் உங்களால் சேர்க்கவே முடியாது.

நேரத்தைப் பற்றி: கடிகாரக் கணக்கில் வெள்ளி 12 ஏ.எம். என்பது வியாழன் இரவு 11.59-க்கு அடுத்த நிமிடம். எழுதியவர் வெள்ளி இரவை நினைத்திருக்கலாம், ஆனால் ஊகித்துப் பார்க்கும் இடம் இதுவல்ல. இரண்டு விளக்கங்களுக்கும் இடையே முழுதாக ஒரு நாள் இருக்கிறது. ஆகவே பிரதிநிதியிடம், "வியாழன் இரவு 11.59-ஆ, வெள்ளி இரவு 11.59-ஆ, சாரே சொன்னாரா, தேதியைக் கிளாஸ்ரூமில் மாற்றுவாரா" என்று ஒரே செய்தியில் கேளுங்கள். ஆசிரியர் மாற்றியிருந்தால் அந்தப் பணியின் தலைப்புக்கு அருகே Edited என்ற குறிப்பும் புதிய தேதியும் தெரியும். அது தெரியும் வரை Unsubmit பொத்தானைத் தொட வேண்டாம்.

கரோல் பாக் அண்ணன்

எங்கள் தில்லி கல்லூரியில் பிரதிநிதி தேர்வுக் கட்டணத் தேதியையே தவறாக அனுப்பி, அபராதம் கட்ட நேர்ந்தது. கட்டணத்துக்கு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பதே நல்லது.

மல்லேஸ்வரம் ஆசிரியர்

இங்கே கேள்வி கட்டணம் பற்றியது அல்ல, அண்ணா. மாணவியின் செய்தியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. "ஒருவர் சமர்ப்பித்தால் போதும்" என்கிறார் பிரதிநிதி. ஆனால் அந்தப் பணி நால்வருக்கும் தனித்தனியே ஒதுக்கப்பட்டிருந்தால், கோப்புச் சேர்க்காத மூவரின் பெயருக்கு எதிரே கெடு கடந்ததும் Missing என்று வரும். குழுவில் யார் யார் என்பது ஆசிரியருக்கு நினைவிருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். மற்ற மூவரும் கோப்பு எதுவும் இணைக்காமல் Mark as done கொடுத்து, "அறிக்கை இன்னார் கணக்கில் உள்ளது" என்று தனிக் கருத்துப் பெட்டியில் எழுதிவிடலாம்.

பனசங்கரி மாணவி

மிக்க நன்றி, ஐயா. பிரதிநிதியிடம் கேட்டேன், அவர் வெள்ளி இரவைத்தான் நினைத்திருக்கிறார். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்னதே ஆதாரம், எழுத்தில் எதுவும் இல்லை. மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டோம், திருத்திய அத்தியாயம் தனியாகத் தயாராகிறது.

சயான்வாசி

அப்படியானால் வாய்மொழியாகச் சொன்னவர், தாமதம் என்ற குறியைப் பார்த்தும் மதிப்பெண்ணைக் குறைப்பாரா?

மல்லேஸ்வரம் ஆசிரியர்

குறி தானாக மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. அது அவர் முடிவு. நான் குறைக்க மாட்டேன், ஆனால் என் துறையிலேயே குறைப்பவர்கள் இருக்கிறார்கள். புதன் மாலைக்குள் தேதி மாறாவிட்டால், திருத்திய அத்தியாயத்தைக் கிளாஸ்ரூமில் சேர்க்காமல் மின்னஞ்சலில் அனுப்பலாமா என்று அவரையே கேட்டுவிடுங்கள்.