கோட்நேம்: தமிழில் என்ன சொல்லலாம்?

மீனாட்சி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் வடிவமைக்கும் ஓர் அலுவலகத்தில் கையேடுகள் எழுதுகிறேன். டூல்ரூம், ஸ்டோர்ஸ், டிராயிங் பிரிவு எல்லாரும் படிக்க வேண்டியது என்பதால் கையேடு தமிழில்தான். அதில் ஒரு வரிக்குச் சொல் தேவைப்படுகிறது:

"புதிய வேலை தொடங்கும்போது அதற்கு ஒரு ______ இடவேண்டும். பொருள் சந்தைக்கு வரும்வரை வரைபடத்திலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் பெட்டி லேபிளிலும் அதையே எழுதவேண்டும்."

கோட்நேம் என்பதைப் பத்திரிகைகளில் சங்கேதப் பெயர், ரகசியப் பெயர், குறியீட்டுப் பெயர் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். எனக்கு எதுவும் முழுசாக ஒட்டவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் மின்சார ஸ்கூட்டருக்கான பேட்டரி மூடி ஒன்றைச் செய்தோம். அதற்கு 'மின்னல்' என்று பெயர் வைத்தார்கள். அச்சு செய்து தருகிற பட்டறைக்காரர் ஆர்டரைப் பார்த்ததுமே, "என்ன மேடம், பேட்டரி வண்டியா?" என்று கேட்டுவிட்டார். அவரிடம் எங்கள் போட்டியாளர்களும் வேலை கொடுக்கிறார்கள். இப்படிக் காட்டிக்கொடுக்காத பெயர் என்ற பொருளும் அந்தச் சொல்லில் வரவேண்டும்.

அறவாழி எழுதியது:

அம்மா மீனாட்சி, புதிதாக ஆக்கவே வேண்டாம். குழூஉக்குறி இருக்கிறதே. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வழங்கும் சொல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று நன்னூல் உரைகளில் எடுத்துக்காட்டு உண்டு. உங்கள் அலுவலகத்தார் செய்வதும் அதே.

ஸ்ரீதர் எழுதியது:

ஐயா, குழூஉக்குறியை டூல்ரூமில் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? மறைபெயர் என்று சுருக்கமாக வைத்துவிடலாம்.

சொல்லை விடுங்கள், பெயரே ஆபத்து என்பது என் கட்சி. 1940இல் ஜெர்மன் விமானங்களுக்கு இருட்டில் வழிகாட்டும் வானொலிக் கருவி ஒன்றின் பெயர் வோட்டான் என்று பிரிட்டிஷ் உளவுத்துறைக்குத் தெரியவந்தது. அங்கே இருந்த ஆர். வி. ஜோன்ஸ் என்ற இயற்பியலாளர், ஜெர்மன் மொழி தெரிந்த ஒருவரிடம் வோட்டான் யார் என்று விசாரித்தார். ஒற்றைக் கண் உள்ள கடவுள் என்று பதில் வந்தது. ஒற்றைக் கண் என்றால் ஒற்றைக் கதிர், அவ்வளவுதான், முழு ரகசியமும் வெளியே வந்துவிட்டது. அதனால் பெயரே வேண்டாம், எண் போதும். P-4417, P-4471 என்று கம்ப்யூட்டரே கொடுத்துவிடும். கசிய எதுவும் இல்லை.

சையது எழுதியது:

வண்ணாரப்பேட்டையில் புடவை மொத்த வியாபாரம் எனக்கு. எங்கள் அப்பா காலத்திலிருந்தே இது இருக்கிறது. எழுத்து திரும்ப வராத பத்தெழுத்து வார்த்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் எழுத்துக்கு 1, அடுத்ததுக்கு 2 என்று வைத்து, கொள்முதல் விலையை லேபிளில் எழுத்தாகவே எழுதிவிடுவோம். வாடிக்கையாளருக்குப் புரியாது, கடைப்பையன் பார்த்ததும் எவ்வளவு இறக்கலாம் என்று சொல்லிவிடுவான். இதை நாங்கள் மார்க்கு என்போம். மீனாட்சி அம்மா கேட்பது இதுதானே?

கோமதி எழுதியது:

சையது பாய், நீங்கள் சொல்வது பூட்டு. வார்த்தை தெரிந்தவர் உட்கார்ந்து பிரித்தால் விலை வந்துவிடும். மீனாட்சி கேட்பதில் பிரிக்க எதுவும் இருக்கக்கூடாது. எவ்வளவு யோசித்தாலும் பெயரிலிருந்து பொருளுக்குப் போக வழி இல்லாமல் இருப்பதுதான் நல்ல பெயர். எந்தப் பெயர் எந்த வேலைக்கு என்பது ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்த்தால்தான் தெரியும். பொருள் திட்டமிடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த நோட்டு ரொம்ப வருஷம் என் மேஜையில்தான் இருந்தது.

ஸ்ரீதர் தம்பி சொன்ன வோட்டான் கதை உண்மைதான், ஆனால் பாதி. ஜோன்ஸின் ஊகம் சரியாக அமைந்தது. ஆனால் அதே வோட்டான் பெயரை ஜெர்மானியர் அதற்கு முந்தைய கருவி ஒன்றுக்கும் வைத்திருந்தார்கள், அது பல கதிர்களில் வேலை செய்தது. ஆக அதிர்ஷ்டமும் இருந்தது. எதிராளிக்கு எந்தப் பக்கம் தேடலாம் என்று ஒரு துப்பு கிடைத்துவிடுகிறது, அதுவே போதாதா?

எண் வைக்கலாம் என்பது அலுவலகத்தில் நிற்காது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 4417, 4471. ஸ்டோர்ஸில் ஃபோனில் கேட்டு எழுதும்போது இரண்டும் மாறிப்போகும். பெட்டி தப்பான பெஞ்சுக்குப் போகும். எண் பிடிபடாததால் ஆட்கள் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள், "அந்த பேட்டரி ஜாப்" என்று. ரகசியம் அங்கேதான் போகிறது. நினைவில் நிற்கும் பெயர் கொடுப்பதே அதைத் தடுக்கத்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு பட்டியலை வைத்தே சொல்கிறேன். பறவைகள் என்று வைத்துக்கொள்வோம்: கொக்கு, நாரை, மைனா, பருந்து, ஆந்தை, காடை, உள்ளான், மரங்கொத்தி, மயில். வேலைகள் மூன்று: பேட்டரி மூடி, ஒரு கேமரா பொருத்தும் சட்டம், ஏற்கெனவே விற்கும் பிரேக் லீவரின் விலை மலிவான வடிவம்.

முதலில் குணம் ஒட்டிக்கொண்ட பெயர்களைத் தள்ளவேண்டும். பருந்து என்றால் பார்வை, ஆந்தை என்றால் இரவு. கேமரா வேலைக்கு ஆந்தை விழுந்தால் மின்னல் கதைதான். மரங்கொத்தியில் குத்துவது, துளைப்பது எல்லாம் வந்துவிடுகிறது, அதுவும் வேண்டாம். மயில் கோயிலோடும் கொடியோடும் சேர்ந்தது, கேட்டவுடன் ஆளுக்கொரு அபிப்பிராயம் வரும். பழங்களின் பட்டியல் எடுத்தால் மாம்பழத்தில் தடுக்கும், இயற்கையை எடுத்தால் சூரியனிலும் இலையிலும் தடுக்கும், நம் ஊரில் சின்னம் இல்லாத பொருள் குறைவு. இன்டெலுக்கே இது நடந்தது. சாண்டி பிரிட்ஜ் என்ற சில்லுக்கு முதலில் கெஷர் என்று எபிரேயப் பெயர் வைத்திருந்தார்கள், பாலம் என்று அர்த்தம். அந்தப் பெயரில் இஸ்ரேலில் ஒரு கட்சி இருந்ததால் மாற்றினார்கள். உயிரோடு இருப்பவர் பெயரும் கூடாது. ஆப்பிள் ஒரு கணினிக்கு உள்ளுக்குள் கார்ல் சேகன் என்று பெயர் வைத்தது, செய்தி வெளியே வந்தது, அந்த வானியலாளர் ஆட்சேபித்தார், கடைசியில் வழக்கு வரை போனது.

அடுத்தது வாயும் கீபோர்டும். உள்ளானை வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். "உள்ளான் இன்னும் உள்ளே உள்ளான்." ஆகாது. நாரையை ஒருவர் narai என்பார், இன்னொருவர் naarai என்பார், கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் உருவாகும். ழகரம் உள்ள பெயர் என்றால் கேட்கவே வேண்டாம், zha, la, za என்று மூன்று ஃபோல்டர். kokku, maina, kaadai என்று நின்றது. காடையும் kadai ஆகிக் கடை என்று படிக்கப்படும் என்று அதையும் எடுத்துவிட்டு, பக்கத்துப் பட்டியலிலிருந்து நண்டைக் கொண்டுவரலாம். கொக்கு, மைனா, நண்டு மூன்றும் ஃபோனில் ஒன்றோடு ஒன்று குழம்பாது. பழைய மெயிலில் தேடிப் பார்த்து அவை வேறு எதற்கும் பயன்படவில்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பெயரை வேலையோடு சேர்ப்பது சீட்டுக் குலுக்கித்தான். டீம் லீடர் கையில் கொடுத்தால் அவர் பொருத்தமாகத்தான் எடுப்பார், மனித மனசு அப்படி. மலிவு லீவருக்கு நண்டு விழுந்தால் நண்டுதான், சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள். முடிந்த வேலையின் பெயரை வேறு வேலைக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். மைனா-2 என்றும் வைக்காதீர்கள், முதல் மைனா கடைக்கு வந்துவிட்டால் அதன் அடுத்த வடிவம் தயாராகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சொல்லுக்கு வருகிறேன். இலக்கணத்திலேயே இருக்கிறதே ஐயா, காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று. மின்னல் காரணப்பெயர் ஆகிவிட்டது. வேண்டியது இடுகுறிப்பெயர். நீங்கள் சொன்ன குழூஉக்குறியிலும் இதே சிக்கல் உண்டு. கள்ளைச் சொல்விளம்பி என்றால், குடித்தவன் உளறுவான் என்று அர்த்தம் தானாக வந்துவிடுகிறது. பறி அளவுக்கு அது மறைக்கவில்லை.

அறவாழி எழுதியது:

கோமதி அம்மா, சொல்விளம்பியில் நீங்கள் பிடித்தது சரி. ஆனால் இடுகுறிப்பெயர் மண், மரம் போன்ற நிலையான சொற்களுக்கு வழங்குவது. ஓர் அலுவலகம் சில மாதங்களுக்கு ஒட்டிவைக்கும் பெயரை அப்படிச் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள். 'எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே' என்ற தொல்காப்பியமும் இருக்கிறது. காரணமே இல்லாத பெயர் உண்டா என்பதே பழைய வழக்கு. அதை ஆலைக் கையேட்டுக்குள் இழுக்கவேண்டாம். சுருக்கி 'இடுபெயர்' என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஸ்ரீதர் எழுதியது:

இடுபெயர் என்றதும் எனக்கு இடுகாடு ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். இன்னும் மறைபெயர் பக்கம்தான்.

அக்கா சொன்னதில் எண் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வெப்சைட் பாதுகாப்புக்கு வாங்கும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. 2018லிருந்து குரோம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. crt.sh தளத்தில் நிறுவனத்தின் டொமைனைத் தட்டினால் போதும், உள்ளுக்குள் சோதனைக்கு வைத்த முகவரிகளும் வரிசையாக வரும். இப்படி:

```
kokku-test.example.com
minnal-battery.example.com
```

முதல் வரி யாருக்கும் ஒன்றும் சொல்லாது. இரண்டாவது எல்லாவற்றையும் சொல்லிவிடும். கொக்கு என்று வைத்துவிட்டு kokku-battery என்று எழுதினாலும் அதே கதைதான். பெயருக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதும் பழக்கத்தையும் கையேட்டில் தடுக்கவேண்டும். பெயர் தனித்தனியாக வராமல் *.example.com என்று ஒரே சான்றிதழாக வாங்குவதும் உண்டு, அதில் வேறு தலைவலிகள் இருக்கின்றன.

சையது எழுதியது:

சரி, புரிந்துவிட்டது. என்னுடையது மார்க்கு, உங்களுடையது பெயர். ஆனால் ஒரு சந்தேகம். 'மறை' என்று போட்டாலே, இதில் ஏதோ மறைக்கிறார்கள் என்று லோடு ஏற்றுகிறவன் கூடப் பெட்டியைத் திறந்து பார்ப்பானே?

கோமதி எழுதியது:

பாய் சொன்னதுதான் என் காரணமும். அணுகுண்டு வேலைக்கு அமெரிக்க ராணுவத்தில் முதலில் யோசித்த பெயரில் 'மாற்றுப் பொருட்கள் உருவாக்கம்' என்று வந்தது. அது ஆர்வத்தைக் கிளப்பும் என்று ஜெனரல் குரோவ்ஸ் அதை விரும்பவில்லை. மன்ஹாட்டன் என்று ஓர் இடத்தின் பெயரையே வைத்தார்கள். லேபிளில் 'மறைபெயர்: கொக்கு' என்று அச்சடித்தால் பார்ப்பவனுக்கு முதல் வார்த்தைதான் கண்ணில் படும். வெறும் 'கொக்கு' என்றோ, 'பெயர்: கொக்கு' என்றோ போதும்.

மீனாட்சி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கையேட்டு வரியில் இப்போதைக்கு இடுபெயர் என்று போட்டிருக்கிறேன், லேபிளில் எந்தச் சொல்லும் இல்லாமல் பெயர் மட்டும். ஸ்ரீதர், மறைபெயரை அடைப்பில் போடலாமா என்று எங்கள் மேலாளரும் கேட்கிறார், உங்களுக்கு ஓர் ஓட்டு கிடைத்திருக்கிறது.

சீட்டு நேற்று குலுக்கினோம். கேமரா சட்டத்துக்கு மைனா வந்தது. கேமரா பிரிவில் ஒருவருக்கு வீட்டில் செல்லப்பெயரே மைனாவாம். வேறு சீட்டு எடுக்கலாமா, அப்படியே விடலாமா கோமதி அம்மா? வரைபடங்கள் திங்கட்கிழமை பட்டறைக்குப் போகின்றன.