மறு: ரேஸ் கண்டிஷன் – பந்தய நிலையா, வேறு சொல்லா?

அனுப்பியவர்: நிரல்வாத்தியார்

வணக்கம் நண்பர்களே,

பாலிடெக்னிக் இரண்டாமாண்டு பிள்ளைகளுக்குத் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். த்ரெட் என்பதற்கு இழை, லாக் என்பதற்குப் பூட்டு என்று வைத்துக்கொண்டேன், அதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். ரேஸ் கண்டிஷனில்தான் வண்டி நிற்கிறது. பந்தய நிலை என்று எழுதிப் போட்டால் "எந்தப் பந்தயம் சார், குதிரையா ரேக்ளாவா?" என்று கேட்கிறார்கள்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது. அண்ணன், தங்கை இருவர் பெயரிலும் ஒரே சேமிப்புக் கணக்கு, இருப்பு 10,000 ரூபாய். அண்ணன் மதுரையில் 6,000 எடுக்கிறான், அதே நேரத்தில் தங்கை திருப்பூரில் 3,000 எடுக்கிறாள். ஆளுக்கு ஓர் இழை.

```python
import time

balance = 10000

def withdraw(amount):
    global balance
    b = balance
    time.sleep(0.1)
    balance = b - amount
```

அண்ணனின் இழை இருப்பைப் படிக்கிறது, 10,000. கழிப்பதற்குள் அதன் முறை போய்விடுகிறது. தங்கையின் இழை வந்து அதே 10,000ஐப் படித்து, கழித்து, 7,000 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் அண்ணனின் இழை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, அதன் கையில் இருப்பது இன்னும் அந்தப் பழைய 10,000தான், அதில் 6,000 கழித்து 4,000 என்று எழுதுகிறது. வெளியே போன பணம் 9,000, கணக்கில் குறைந்தது 6,000. தங்கை எடுத்ததற்குத் தடயமே இல்லை. அந்த `sleep` நான் வேண்டுமென்றே வைத்தது, இல்லையென்றால் வகுப்பில் காட்டும் நேரம் பார்த்து ஒழுங்காக ஓடிவிடும்.

இதற்கு ஒரு பெயர் வேண்டும். போட்டி நிலை என்றும் யோசித்தேன், ஒட்டவில்லை.

---

அனுப்பியவர்: தேனீ

சார், முந்தல் நிலை எப்படி? யார் முந்துகிறார்களோ அவர்களைப் பொறுத்து விடை மாறுகிறது, சொல்லிலேயே அது வந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் நிரலில்தான் தப்பு என்று தோன்றுகிறது. `b` என்று தனியாக எடுத்து வைத்ததால்தானே இந்த வம்பு? `balance -= amount` என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் நடுவில் யாரும் நுழைய முடியாது, பைத்தானில் எப்படியும் ஒரு நேரத்தில் ஓர் இழைதான் ஓடும். நேற்று ராத்திரி இரண்டு இழைகளை விட்டு ஆளுக்குப் பத்து லட்சம் தடவை ஒவ்வொரு ரூபாயாகக் கழித்துப் பார்த்தேன், ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை.

---

அனுப்பியவர்: பழையநிரலர்

> ஒரே வரியில் எழுதிவிட்டால் நடுவில் யாரும் நுழைய முடியாது

தம்பி, நீங்கள் பார்த்தது சரி, அதிலிருந்து போய்ச் சேர்ந்த முடிவு சரியில்லை. வரி ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. `import dis` எழுதி `dis.dis(withdraw)` போட்டுப் பாருங்கள், பைத்தான் உள்ளே செய்யும் படிகளை ஒவ்வொன்றாகக் காட்டும். `LOAD_GLOBAL` வந்து இருப்பை எடுக்கும், `BINARY_OP` கழிக்கும், `STORE_GLOBAL` திரும்ப வைக்கும். வாத்தியார் விரித்து எழுதியதைத்தான் நீங்கள் மடித்து எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் பத்து லட்சம் தடவையும் எப்படிச் சரியாக வந்தது என்றால், பைத்தான் 3.10லிருந்து இழை மாறலாமா என்று அது பார்ப்பதே ஒரு சுற்று முடிந்து திரும்பும் இடத்திலும், ஒரு செயற்கூறுக்குள் நுழையும் இடத்திலும்தான், உங்கள் மூன்று படிகளுக்கு நடுவில் அப்படி ஓர் இடம் வரவில்லை. மொழி உங்களுக்குத் தந்த வாக்குறுதி இல்லை அது, இந்த வெர்ஷனில் அப்படி அமைந்துவிட்டது. அந்த வரியை இப்படி மாற்றிவிட்டு ஓட்டுங்கள்:

```python
balance = balance - charge(amount)
```

`charge` நீங்களே எழுதிய ஏதாவது ஒரு சின்னச் செயற்கூறாக இருக்கட்டும், வந்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் போதும். கழித்தல் குறிக்கு இடப்பக்கத்து இருப்பு முதலில் எடுக்கப்படும், அப்புறம் `charge`க்குள் நுழையும், நுழையும் வாசலிலேயே இழை மாற வாய்ப்பு. பல லட்சம் தடவை ஓடும்போது எங்கேயாவது மாட்டும். ஓடி முடிந்ததும் கடைசி இருப்பையும், எடுத்த மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள், தொடக்க இருப்பு வரவில்லையென்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் நிரல் நிற்காது, கத்தாது, தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

சொல்லுக்கு வருகிறேன். முந்தல் எனக்கு ஒப்பவில்லை. வாத்தியார் கதையில் முந்தியது யார்? தங்கைதான் முதலில் எழுதினாள், அவள் எழுதியதுதான் அழிந்தது. பிந்தி வந்தவன் எழுத்து நின்றது. ரேஸ் என்ற பெயரே மின்சுற்றுக்காரர்கள் கொடுத்தது, இரண்டு சைகைகள் வெவ்வேறு வழியாக ஓடிவந்து எது முதலில் சேர்கிறதோ அதற்கேற்ப வெளியீடு மாறுவதை அப்படிச் சொன்னார்கள், 1954இல் ஹஃப்மன் எழுதிய ஆய்விலேயே அந்தச் சொல் இருக்கிறது. அங்கே அது பொருந்தும். நமக்கு வேண்டியது யார் ஜெயித்தார் என்பதில்லை, எது முன்னே எது பின்னே என்பதில் விடை தொங்குகிறது என்பதுதான். அதனால் முன்பின் பிழை என்கிறேன். "முன்னே பின்னே ஆகிப்போச்சு" என்று ஊரில் எல்லோரும் சொல்வதுதானே.

---

அனுப்பியவர்: கயல்

ஐயா, முன்பின் என்றதும் எனக்கு "முன்பின் தெரியாதவர்"தான் ஞாபகம் வருகிறது. நான் தமிழ் படித்தவள், நிரல் தெரியாது, ஆனால் இதில் கேட்க ஒன்று இருக்கிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கூட்டுக் கணக்கு. போன மாதம் ஏடிஎம்மில் 5,000 எடுக்கப் போனேன், பணம் வரவில்லை, ஆனால் கழித்துவிட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. அதே சமயம் அவர் கடையில் போனில் பணம் கட்டிக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டதால் வந்த முன்பின் பிழையா இது?

---

அனுப்பியவர்: பழையநிரலர்

இல்லைங்கம்மா. முன்பின் பிழையில் கணக்கில் பணம் கழியாமல் போகும், அல்லது இரண்டு பேருக்கும் போதாத பணம் இரண்டு பேருக்கும் கிடைத்துவிடும். உங்களுக்குக் கழித்தது ஒழுங்காகவே கழிந்திருக்கிறது, அதற்குப் பிறகு எந்திரம் நோட்டைத் தள்ளவில்லை. உங்கள் வீட்டுக்காரர் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தாலும் அது நடந்திருக்கும். அந்தப் பணம் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது, கிளையில் கேளுங்கள்.

---

அனுப்பியவர்: தேனீ

`charge` போட்டு ஓட்டினேன் அண்ணே, மாட்டிக்கொண்டது. சரி, தோற்றேன். பூட்டுப் போட்டுவிட்டேன், படிக்கும் இடத்தில் ஒன்று, எழுதும் இடத்தில் ஒன்று. இப்போது இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் `balance`ஐத் தொடவே முடியாது:

```python
with lock:
    enough = balance >= amount
if enough:
    with lock:
        balance -= amount
```

---

அனுப்பியவர்: பழையநிரலர்

தம்பி, நல்ல வேலை செய்தீர்கள், இந்த இழையிலேயே (மடல் இழையைச் சொல்கிறேன்) மிக முக்கியமான தப்பு இதுதான். அண்ணனும் தங்கையும் ஆளுக்கு 8,000 கேட்கட்டும். அண்ணன் பூட்டுக்குள் போய் 10,000 இருக்கிறது, போதும் என்று பார்த்துவிட்டு வெளியே வருகிறான். பூட்டு இப்போது சும்மா கிடக்கிறது. தங்கை உள்ளே போகிறாள், அவளுக்கும் 10,000, போதும். பிறகு ஒருவர் பின் ஒருவராக, மிக ஒழுக்கமாகப் பூட்டுக்குள் போய் ஆளுக்கு 8,000 கழிக்கிறார்கள். இருப்பு கழித்தல் 6,000. ஒரே நேரத்தில் யாரும் எதையும் தொடவில்லை, ஆனாலும் பிழை நடந்துவிட்டது. பார்ப்பதும் கழிப்பதும் ஒரே பூட்டுக்குள், நடுவில் வெளியே வராமல் நடக்க வேண்டும்:

```python
with lock:
    if balance >= amount:
        balance -= amount
```

ஆகவே நமக்கு ஒரு சொல் இல்லை, இரண்டு சொல் தேவை. காவலில்லாமல் ஒரே இடத்தை இருவர் தொடுவதும் அதில் ஒருவராவது எழுதுவதும் டேட்டா ரேஸ், அதற்குத் தரவு முட்டல் என்று வைக்கலாம். தேனீ எழுதியதில் முட்டல் இல்லை, முன்பின் பிழை மட்டும் இருக்கிறது. பந்தய நிலை, தரவுப் பந்தயம் என்று இரண்டையும் ஒரே வேரில் வைத்தால் படிக்கிறவன் இவை இரண்டும் ஒன்று என்றே நினைப்பான், ஆங்கிலத்தில் படித்தவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

---

அனுப்பியவர்: நிரல்வாத்தியார்

அந்த 8,000 கணக்கு நன்றாக இருக்கிறது, குறிப்பில் சேர்த்துவிடுகிறேன். முன்பின் பிழை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சங்கடம். எல்லா ரேஸும் பிழை இல்லையே. இரண்டு இழைகள் ஒரு பதிவேட்டில் வரி எழுதுகின்றன, எது முதலில் வந்தாலும் எனக்குக் கவலையில்லை என்றால்? அப்போது முன்பின் நிலை என்று வைத்து, தீங்கு வரும்போது மட்டும் பிழை என்று சொல்லலாமா?

இன்னொன்று. "அக்வையர் த லாக்" என்பதைப் பூட்டை வாங்கு என்று எழுதினால் இரும்புக்கடைக்குப் போவது போல இருக்கிறது. தமிழில் பூட்டு கதவில்தான் இருக்கும், ஆள் கையில் சாவிதான் இருக்கும். ஆணியில் ஒரே சாவி தொங்குகிறது, எடுத்தவர் உள்ளே போகிறார், மற்றவர்கள் நிற்கிறார்கள். சாவியை எடு, சாவியை வை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

---

அனுப்பியவர்: தேனீ

சாவி வேண்டாம் சார், பைத்தான் அகராதியில், தரவுத்தளத்தில் எல்லாம் கீ என்பதற்கு ஏற்கெனவே சாவி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள், குழம்பும்.

---

அனுப்பியவர்: பழையநிரலர்

குழப்பம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவி உவமையில் வேறு ஓட்டையும் இருக்கிறது. நிஜச் சாவி இல்லாமல் கதவு திறக்காது, இந்தப் பூட்டு அப்படியில்லை. மூன்றாவதாக ஓர் இழை, வட்டி சேர்க்கும் இழை என்று வைத்துக்கொள்ளுங்கள், `with lock` எழுத மறந்துவிட்டால் நேராகப் போய் `balance`ஐ மாற்றிவிடும், யாரும் தடுக்க மாட்டார்கள். சுவரே இல்லாத அறையில் கதவை மட்டும் பூட்டியிருக்கிறோம், எல்லோரும் கதவு வழியாக வருவதாக ஒப்புக்கொண்டதால்தான் அது பூட்டு. இதைக் குறிப்பில் எழுதுங்கள், பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

முன்பின் நிலைக்கு எனக்கு மறுப்பில்லை.

---

அனுப்பியவர்: கயல்

பணம் மூன்றாம் நாளே வந்துவிட்டதாம், எஸ்எம்எஸ்ஸை நான்தான் கவனிக்கவில்லை. இலக்கணமாகப் பார்த்தால் முன்பின் நிலை தப்பில்லை, இருந்தாலும் "முன்பின் தெரியாத" என்பது என் காதில் இடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு கேள்வி: எடுத்த பூட்டை முடித்ததும் என்ன செய்வீர்கள், திறப்பீர்களா, விடுவீர்களா? திற என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஆகிவிடுகிறதே.

---

அனுப்பியவர்: நிரல்வாத்தியார்

இதுவரை விடு என்று எழுதியிருக்கிறேன் அம்மா. நீங்கள் கேட்ட பிறகு "பூட்டை விட்டான்" என்றால் தொலைத்துவிட்டான் போலவும் கேட்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.